டென்ஷன் ஸ்பிரிங்: ஹூக்குக்கு ஹூக் நீளம் கணக்கிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பிரிங் சுற்றும் பட்டறையில் ஆர்டர் எழுதும் மேசை என்னுடையது. டென்ஷன் ஸ்பிரிங் கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் பழைய ஸ்பிரிங்கைக் கையில் கொண்டுவருவார்கள், அல்லது கம்பிக் கனமும் சுற்று எண்ணிக்கையும் எழுதிய துண்டுச் சீட்டைக் கொண்டுவருவார்கள். இரண்டிலும் சந்தேகம் ஒரே இடத்தில்தான் வரும்: இத்தனை சுற்று, இன்ன ஹூக் என்றால் மொத்த நீளம் எவ்வளவு? கேட்டவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். முதலில் இருப்பவை எளியவை, பின்னால் போகப்போகச் சிக்கலானவை.

ஃப்ரீ லெங்த்னு சொல்றீங்களே, அதை எங்கிருந்து எங்க வரைக்கும் அளக்கணும்?

ஒரு ஹூக்கின் உள்பக்க வளைவிலிருந்து மறு ஹூக்கின் உள்பக்க வளைவு வரை. ஸ்பிரிங் மேசைமேல் சும்மா கிடக்க வேண்டும், யாரும் இழுக்கக் கூடாது. ஸ்பிரிங்கை மாட்டும்போது ஆணியோ கொக்கியோ போய் உட்காருவது அந்த உள்வளைவில்தான். அதனால் வேலைக்கு ஆகிற நீளம் அதுவே.

சிலர் ஹூக்கின் வெளி முனையிலிருந்து வெளி முனை வரை அளந்து எழுதிவிடுகிறார்கள். அதில் இரண்டு கம்பிக் கனம் கூடுதலாக இருக்கும். 2 மி.மீ. கம்பி என்றால் 4 மி.மீ. வித்தியாசம். சீட்டில் எண்ணை மட்டும் எழுதாமல் ‘உள்ளுக்கு உள்’ என்றோ ‘வெளிக்கு வெளி’ என்றோ சேர்த்து எழுதுங்கள்.

ஃபார்முலாவை மட்டும் முதல்ல சொல்லிடுங்க சார்.

சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் வழக்கமான டென்ஷன் ஸ்பிரிங்குக்கு இதுதான்:

```
L0 = (N + 1) × d + 2 × H
```

N என்பது உடம்பில் உள்ள சுற்றுகள், d என்பது கம்பிக் கனம். H என்பது ஒரு ஹூக்கின் உயரம், அதாவது உடம்பு முடியும் இடத்திலிருந்து ஹூக்கின் உள்வளைவு வரை உள்ள தூரம். இரண்டு ஹூக்கும் வேறு வேறு வகையாக இருந்தால் 2 × H போடாமல் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுங்கள்.

ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். கம்பி 2 மி.மீ., வெளிவிட்டம் 16, உடம்பில் 22 சுற்று, இரண்டு முனையிலும் முழு ஹூக். இருபுறமும் கம்பிக் கனத்தைக் கழித்தால் உள்விட்டம் 12. முழு ஹூக்கின் உயரத்துக்கு உள்விட்டத்தையே வைக்கலாம். உடம்பு 23 × 2 = 46. ஹூக் இரண்டும் சேர்ந்து 24. மொத்தம் 70 மி.மீ. கீழே பல இடங்களில் இதே ஸ்பிரிங்கைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு ‘மாதிரி ஸ்பிரிங்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

22 சுற்றுதானே இருக்கு, ஏன் 23-ஆல பெருக்குறீங்க?

ஒரு நூலை விரலில் சரியாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரும்போது அங்கே நூல் இரண்டு இழையாகத் தெரியும். சுற்று ஒன்று, இழை இரண்டு. இரண்டு சுற்று சுற்றினால் அதே இடத்தில் மூன்று இழை. 22 சுற்றுக்கு 23 இழை.

வெர்னியரின் தட்டையான தாடைகளுக்கு நடுவே உடம்பை வைத்தால், தாடைகள் தொடுவது மிக நீண்ட அந்தக் கோட்டைத்தான். அதனால்தான் சுற்றோடு ஒன்றைக் கூட்டுகிறோம். இந்த ஒன்றை விட்டுவிட்டால் மாதிரி ஸ்பிரிங்கில் 2 மி.மீ. குறையும். கம்பி தடிக்கத் தடிக்கப் பிழையும் வளரும். 5 மி.மீ. கம்பியில் அது 5 மி.மீ.

எண்ணும்போது ஒரு தடவை 22 வருது, இன்னொரு தடவை 23 வருது. எது சரி அண்ணே?

இரண்டுமே சரியாக இருக்கலாம். எண்ணியது சுற்றையா இழையையா என்பதுதான் கேள்வி. ஸ்பிரிங்கின் முதுகில் நீளவாக்கில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வெட்டும் கம்பிகளை எண்ணுவதாக வையுங்கள். கோடு ஹூக் கிளம்பும் இடத்தின் வழியே போனால் 23 வரும். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் உருட்டிவிட்டு வேறு பக்கத்தில் எண்ணினால் 22 வரும். சுற்று 22தான்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கோட்டில் 23 இழையை எண்ணிவிட்டு, ஃபார்முலாவில் ஒன்றைக் கூட்டச் சொல்லியிருக்கிறதே என்று 24-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே கூட்டிய ஒன்றை மறுபடியும் கூட்டக் கூடாது. எனக்குப் பிடித்த முறை வேறு. உடம்பை வெர்னியரில் அளந்து, கம்பிக் கனத்தால் வகுத்து, ஒன்றைக் கழிப்பேன். 46 ÷ 2 = 23, கழித்தால் 22. பிறகு ஒரு ஊசி முனையால் எண்ணிச் சரிபார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் சீட்டில் எழுதுவேன்.

மெஷின்ல 24 சுற்று சுத்தினதா சொன்னாங்க. கணக்குல 24 போடலாமா?

ஹூக்குக்குப் போன கம்பியைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். நேராக 24 சுற்று சுற்றிவிட்டு, ஒவ்வொரு முனையிலும் கடைசி ஒரு சுற்றைத் தூக்கி நிமிர்த்தி முழு ஹூக் ஆக்கினால் உடம்பில் மிஞ்சுவது 22. அதே 24 சுற்றில் அரை அரைச் சுற்றைத் தூக்கி அரை ஹூக் போட்டால் உடம்பில் 23 இருக்கும். ஃபார்முலாவில் வரும் N உடம்புச் சுற்று மட்டும்தான்.

கம்பி சுருளை விட்டு மேலே எழும்பத் தொடங்கும் இடம்தான் உடம்பின் எல்லை. அந்த இடம் கத்தியால் வெட்டியது போலத் துல்லியமாகத் தெரியாது. எட்டில் ஒரு சுற்று அப்படி இப்படி இருக்கும். அதனால் நீளத்தில் வரும் மாற்றம் கம்பிக் கனத்தில் எட்டில் ஒரு பங்குதான், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

முழு ஹூக்குக்கு உள்விட்டத்தையே உயரமா எடுக்கிறது எந்தக் கணக்கு?

முழு ஹூக் என்பது உடம்பின் கடைசி வளையத்தையே நிமிர்த்தி வைத்தது. வளையத்தின் ஓட்டை 12 மி.மீ. அந்த வளையத்தை உடம்பின் தலைமேல் தனியாக ஏற்றி வைத்திருந்தால், அடிக் கம்பியின் 2 மி.மீ.யும் சேர்ந்து உயரம் 14 ஆகியிருக்கும். ஆனால் அதன் அடி, உடம்பின் கடைசிச் சுற்றோடு ஒட்டிப் பிறந்தது. அது உடம்பின் மட்டத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. ஆகவே உடம்பு முடியும் இடத்திலிருந்து மேலே உள்வளைவு வரை ஏறக்குறைய ஓட்டையின் அளவு மட்டுமே மிஞ்சும்.

பொறியியல் பாடநூல்களில் வரும் சூத்திரமும் இதே எண்ணத்தைத்தான் வேறு உருவில் சொல்கிறது. அங்கே நடுவிட்டத்தை D என்று எழுதுவார்கள். நடுவிட்டத்திலிருந்து கம்பிக் கனத்தைக் கழித்தால் கிடைப்பது உள்விட்டம்தான்.

```
L0 = 2 × (D − d) + (N + 1) × d
```

ஆனால் இது ஏறக்குறையத்தான். ஹூக்கை நிமிர்த்தும் கருவியும் கையும் மாறும்போது உயரமும் மாறும். முழு ஹூக்கின் உயரம் உள்விட்டத்தில் 0.8 மடங்கிலிருந்து 1.1 மடங்கு வரை இருக்கலாம் என்பது ஐரோப்பிய அட்டவணைகளின் கணக்கு. மாதிரி ஸ்பிரிங்கில் இது 9.6 முதல் 13.2 வரை. கையில் மாதிரி இருந்தால் அதன் ஹூக்கை அளந்தே போடுங்கள். இல்லாதபோது உள்விட்டத்தை வைத்துத் தொடங்கலாம்.

அரை ஹூக்னா பாதி உள்விட்டம், அவ்வளவுதானே?

அதைவிடக் கொஞ்சம் கூடும். பாதி வளையம் நிமிரும்போது, உடம்பை விட்டுக் கம்பி திரும்பும் இடத்தில் ஒரு சின்ன வளைவு வேண்டும். கூர்மையாக மடித்தால் கம்பி அங்கேயே விரிசல் விடும். அந்த வளைவு உயரத்தைக் கூட்டிவிடுகிறது. அதனால் அரை ஹூக்கின் உயரம் உள்விட்டத்தில் 0.55 மடங்கிலிருந்து 0.8 மடங்கு வரை வரும்.

மாதிரி ஸ்பிரிங்குக்கு இது 6.6 முதல் 9.6 வரை. 7.5 என்று வைத்தால் மொத்த நீளம் 46 + 15 = 61 மி.மீ. ஆனால் 6.6-க்கும் 9.6-க்கும் நடுவே ஒரு ஹூக்கிலேயே 3 மி.மீ. வித்தியாசம் வரலாம் என்றால், இரண்டு ஹூக்கில் 6 மி.மீ. அரை ஹூக் என்று மட்டும் சொல்லி உயரத்தைச் சொல்லாமல் விட்டால், இரண்டு பட்டறைகளில் இரண்டு நீளத்தில் ஸ்பிரிங் கிடைக்கும். அரை ஹூக்குக்கு உயரத்தையும் கட்டாயம் எழுதுங்கள்.

நீட்டு ஹூக், சைடு ஹூக், சின்னக் கண்ணு வச்ச ஹூக் எல்லாம் இருக்கே. அதுக்கெல்லாம்?

சைடு ஹூக் என்பது கடைசி வளையத்தை நடுவுக்குக் கொண்டுவராமல் ஓரத்திலேயே நிமிர்த்துவது. உயரம் முழு ஹூக்கைப் போலவே உள்விட்டம் அளவுதான், நீளக் கணக்கு மாறாது. ஆனால் இழுப்பு ஓரத்தில் விழுவதால் ஸ்பிரிங் சாய்ந்து வளையும். நீளத்தைப் பார்த்துவிட்டு இதை மறந்துவிடாதீர்கள்.

சின்னக் கண் வைத்த ஹூக்கில் வளையம் உடம்பைவிடச் சிறியது. உடம்பின் உள்விட்டத்தைப் போட்டால் நீளம் கூடிப்போகும். அந்தக் கண்ணின் உள்வளைவு வரை அளந்து போடுங்கள். நீட்டு ஹூக்குக்கு விட்டத்தோடு சம்பந்தமே இல்லை. நேர்க் கம்பியை எவ்வளவு விடச் சொல்கிறோமோ அவ்வளவு. மாதிரி ஸ்பிரிங்கில் ஒரு முனை முழு ஹூக், மறுமுனை 30 மி.மீ. நீட்டு ஹூக் என்றால் 46 + 12 + 30 = 88.

முனை கூம்பாகக் குறுகி, அதற்குள் தனியாகச் சுழலும் கொக்கி மாட்டிய வகையும் உண்டு. கூம்பில் ஒரு சுற்று அடுத்ததற்குள் கொஞ்சம் இறங்கி உட்காரும். அதனால் அந்தச் சுற்றுகளுக்கு மேலே சொன்ன பெருக்கல் சரிவராது, அளந்துதான் ஆக வேண்டும்.

ஒரு ஹூக் நேரா நிக்குது, இன்னொன்னு குறுக்கா திரும்பியிருக்கு. சுற்று 22-ஆ, 22¼-ஆ?

22¼ ஆகவோ 22¾ ஆகவோ இருக்கும். முழுச் சுற்றுகள் மட்டும் இருந்து, இரு முனையும் ஒரே மாதிரி நிமிர்த்தப்பட்டிருந்தால் இரண்டு ஹூக்கும் ஒரே தளத்தில், ஒரே பக்கம் பார்த்து இருக்கும். வாய் எதிரெதிர்ப் பக்கமாக இருந்தால் அரைச் சுற்று. ஒன்றுக்கொன்று குறுக்காக இருந்தால் கால் அல்லது முக்கால். உடம்பை அளந்து வகுத்தால் எது என்று தெரிந்துவிடும். மாதிரி ஸ்பிரிங்கில் 46.5 வந்தால் 22¼.

நீளத்தில் கால் சுற்று என்பது வெறும் 0.5 மி.மீ.தான். ஆனால் அந்தக் கால் சுற்றை முழு எண்ணாக மாற்றி எழுதிவிட்டால் ஹூக் திரும்பிப்போகும், மாட்டும்போது ஸ்பிரிங்கை முறுக்கித்தான் மாட்ட வேண்டியிருக்கும். அந்த முறுக்கு ஹூக்கின் கழுத்தில் போய் நிற்கும்.

கம்பி 14 கேஜ். ரெண்டு மில்லினு போட்டுக்கலாமா?

போடாதீர்கள். பிரிட்டிஷ் கம்பி அளவில் 14 கேஜ் என்பது 2.03 மி.மீ. இந்த 0.03 தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் அது ஒவ்வொரு இழையிலும் கூடுகிறது. 23 இழைக்கு 0.7 மி.மீ. 100 சுற்று ஸ்பிரிங் என்றால் 3 மி.மீ. நெருங்கிவிடும். துத்தநாகப் பூச்சும் பெயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

கனத்தை ஹூக்கின் முனையில் மைக்ரோமீட்டர் வைத்து அளங்கள். அதோடு, உடம்பில் பத்து இழையைச் சேர்த்து வெர்னியரில் அளந்து பத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. பத்து இழைக் கணக்கு கூடுதலாக வந்தால், சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிட்டது என்று அர்த்தம். அது அடுத்த கேள்விக்கு நம்மைக் கொண்டுபோகிறது.

பழைய ஸ்பிரிங் இழுபட்டுப் போச்சு. அதை அளந்து அதே நீளத்துக்குப் புதுசு போட்டா என்ன?

நான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கியது இந்தக் கேள்வியால்தான். டாபி வைத்த விசைத்தறியில் விழுதுச் சட்டத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் ஒன்றைக் கொண்டுவந்தார் ஒரு தறிக்காரர். கம்பி 1.2 மி.மீ., வெளிவிட்டம் 12, முழு ஹூக். ஹூக்குக்கு ஹூக் அளந்தபோது 134 மி.மீ. இருந்தது. இதற்கு முன் வேறு இடத்தில் அந்த 134-ஐ வைத்தே புது ஸ்பிரிங்குகள் போட்டு வாங்கியிருந்தார். சட்டம் சரியாகக் கீழே இறங்கவில்லை, நூல் அறுகிறது என்பது அவருடைய குறை.

பழையதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சுற்றுகளின் நடுவே கீற்றுக் கீற்றாக ஒளி வந்தது. இழுபட்டதன் அடையாளம் அதுதான். ஆனால் எவ்வளவு இழுபட்டாலும் சுற்றின் எண்ணிக்கை மாறாது, கம்பிக் கனமும் மாறாது. ஊசியால் எண்ணினோம், 84 சுற்று. உள்விட்டம் 9.6. உடம்பு 85 × 1.2 = 102, ஹூக் இரண்டும் 19.2, மொத்தம் 121.2. அதாவது அந்த ஸ்பிரிங் பிறந்தபோது 121 மி.மீ.தான். ஏறக்குறைய 13 மி.மீ. நீண்டுபோயிருக்கிறது. 84 சுற்றில் அதைப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 0.15 மி.மீ., ஒரு எழுதும் தாளைவிடக் கொஞ்சம் தடிமனான இடைவெளி. கண்ணுக்குத் தெரியாமல் போவதில் வியப்பில்லை.

134 நீளத்துக்குச் சுற்றினால் 95 சுற்று தேவைப்படும். அதில் இரண்டு கெடுதல் ஒன்றாகச் சேர்கிறது. சுற்று கூடியதால் ஸ்பிரிங் தளர்வாகிறது, நீளம் கூடியதால் தறியில் மாட்டும்போது அது நீளும் தூரமும் குறைகிறது. தறியில் அந்த ஸ்பிரிங் 160 மி.மீ.க்கு இழுபட்டு நிற்கும். 84 சுற்று ஸ்பிரிங் அங்கே சுமார் 39 மி.மீ. நீண்டு, அந்த நீட்சியால் மட்டும் 770 கிராம் இழுக்கும். 95 சுற்றுடையது சுமார் 26 மி.மீ. நீண்டு 450 கிராம்தான் இழுக்கும். இழுப்பில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. 84 சுற்றில் போட்டுக் கொடுத்த பிறகு சட்டம் ஒழுங்காக இறங்கியது.

ஆகவே இழுபட்ட ஸ்பிரிங்கில் நீளத்தை நம்பாதீர்கள், எண்ணிக்கையை நம்புங்கள். ஹூக்கும் வாய் திறந்து நீண்டிருந்தால் அதன் உயரத்தையும் அளக்காமல், உடம்பின் உள்விட்டத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஒரு ஹூக் முறிஞ்சு போச்சு, துண்டும் காணோம். நீளம் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். டென்ஷன் ஸ்பிரிங் பெரும்பாலும் முறிவது ஹூக் உடம்பில் சேரும் கழுத்தில்தான். உடம்பு முழுதாக இருக்கும். சுற்றை எண்ணி உடம்பின் நீளத்தைப் போடுங்கள், மிஞ்சியிருக்கும் ஹூக்கை அளந்து இரண்டால் பெருக்குங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். முறிந்த பக்கத்திலும் அதே வகை ஹூக்தான் இருந்ததா என்பது. ஸ்பிரிங் மாட்டியிருந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி ஆணி என்றால் ஹூக்கும் ஒரே மாதிரி இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் ஆழமான ஓட்டைக்குள்ளே போய் மாட்ட வேண்டியிருந்தால் அங்கே நீட்டு ஹூக் இருந்திருக்கும்.

எனக்கு நீளம் தெரியும் தம்பி, சுற்று எத்தனைனு தெரியணும்.

ஃபார்முலாவைத் திருப்பிப் போடுங்கள்:

```
N = (L0 − 2 × H) ÷ d − 1
```

மாதிரி ஸ்பிரிங்கின் கம்பியிலும் விட்டத்திலும் 80 மி.மீ. வேண்டுமென்றால், 80 − 24 = 56, இரண்டால் வகுத்தால் 28, ஒன்றைக் கழித்தால் 27 சுற்று.

நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஹூக்கை மட்டும் மாற்றச் சொல்பவர்களுக்கு ஒரு சொல். 70 மி.மீ. மாதிரி ஸ்பிரிங்கை முழு ஹூக்கிலிருந்து 7.5 மி.மீ. அரை ஹூக்குக்கு மாற்றினால், உடம்புக்கு 55 மி.மீ. இடம் வந்துவிடும், சுற்று 26½ ஆகும். நீளம் அதேதான், ஆனால் ஸ்பிரிங் ஆறில் ஒரு பங்கு தளர்ந்துவிடும். இழுப்பு அப்படியே இருக்க வேண்டுமென்றால் சுற்றை 22 ஆகவே வைத்து, ஒரு ஹூக்கையோ இரண்டையுமோ நீட்டு ஹூக்காக்கி 70-ஐ எட்டுவதுதான் வழி.

ஸ்பிரிங் சுத்தும்போதே ஒரு இறுக்கம் வைப்பாங்களே, அதனால நீளம் மாறாதா?

மாறாது. அந்த ஆரம்ப இறுக்கம் சுற்றுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருக்கிறது. கம்பியோடு கம்பி தொட்ட பிறகு அதற்கு மேல் குறுக முடியாது. இறுக்கம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு (N + 1) × d தான்.

மாறுவது எங்கே திறக்கத் தொடங்கும் என்பது. மாதிரி ஸ்பிரிங்கில் 2 கிலோ ஆரம்ப இறுக்கம் இருந்தால், ஒன்றரைக் கிலோவைத் தொங்கவிட்டாலும் நீளம் 70 ஆகவே இருக்கும். 2 கிலோவைத் தாண்டிய பிறகுதான் ஒவ்வொரு மி.மீ.க்கும் சுமார் 265 கிராம் என்று ஏறும். இந்த இறுக்கமே இல்லாமல், இடைவெளி விட்டுச் சுற்றிய ஸ்பிரிங்குகளும் உண்டு. அவற்றுக்கு ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தைச் சுற்றால் பெருக்கி, ஒரு கம்பிக் கனத்தைக் கூட்டினால் உடம்பின் நீளம் கிடைக்கும்.

கணக்குல 70 வருது, வந்த ஸ்பிரிங் 71½ இருக்கு. கணக்கு தப்பா, ஸ்பிரிங் தப்பா?

மொத்தத்தை வைத்து வாதாடாமல் ஸ்பிரிங்கை மூன்று துண்டாகப் பாருங்கள்: உடம்பு, இந்த ஹூக், அந்த ஹூக். உடம்பை மட்டும் அளங்கள். 46 இருந்தால் தவறு ஹூக்கில். ஒவ்வொரு ஹூக்கையும் தனியாக அளந்தால் எது கூடியது என்று தெரிந்துவிடும். முழு ஹூக்கின் உயரம் எவ்வளவு ஆடும் என்பதை மேலே சொன்னேன். என் அனுபவத்தில் கையால் நிமிர்த்திய ஹூக் இரண்டிலும் அரை அரை மி.மீ. கூடுவது சாதாரணம்.

உடம்பே 47½ இருந்தால் முதலில் எண்ணுங்கள், அப்புறம் கம்பிக் கனத்தைப் பாருங்கள், கடைசியாக வெளிச்சத்தில் பிடித்து இடைவெளியைப் பாருங்கள். 23 சுற்றாக இருந்தால் 48 வரும். 14 கேஜ் கம்பி போட்டிருந்தால் 46.7. புது ஸ்பிரிங்கிலேயே ஒளிக்கீற்று தெரிந்தால் ஆரம்ப இறுக்கம் போதவில்லை, அல்லது சோதிக்கும்போது அளவுக்கு மீறி இழுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. சுற்றி முடித்த ஸ்பிரிங்கை அடுப்பில் சூடாக்கி எடுப்பார்கள். அதில் கார்பன் எஃகுக் கம்பியின் விட்டம் கொஞ்சம் சுருங்கும், ஸ்டெயின்லெஸ் கம்பியின் விட்டம் கொஞ்சம் விரியும். ஹூக்கின் உயரம் விட்டத்தோடு கட்டுண்டது என்பதால் அதுவும் சேர்ந்து மாறும், ஹூக்கின் திசையும் லேசாகத் திரும்பும். ஆகவே எப்போதும் சூடாக்கி ஆறிய பிறகு அளந்த நீளத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

ரெண்டு ஆணிக்கும் நடுவுல 70 இருக்கு. 70 நீளத்துல ஸ்பிரிங் போட்டா இறுக்கமா உட்காருமா?

அந்த 70-ஐ எங்கே வைத்து அளந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹூக் ஆணியைச் சுற்றிக்கொண்டு அதன் வெளிப்பக்கத்தில்தான் பிடிக்கிறது. ஆணி 5 மி.மீ. தடிமன், மையத்திலிருந்து மையத்துக்கு 70 என்றால், ஹூக் பிடிக்கும் இரண்டு இடங்களுக்கும் நடுவே 75 இருக்கிறது. 70 மி.மீ. ஸ்பிரிங்கை அங்கே மாட்டினால் 5 மி.மீ. நீண்டுதான் நிற்கும், அப்போது ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இழுப்பு ஆரம்ப இறுக்கத்தோடு சேரும். ஆனால் 70 என்று நீங்கள் அளந்தது ஆணிகளின் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் என்றால், ஸ்பிரிங் நீளாமல் மாட்டிக்கொள்ளும், தளர்ந்து கிடக்கும். பெரும்பாலும் ஆட்கள் டேப்பை ஆணிகளுக்கு வெளியே வைத்துத்தான் அளந்து வருகிறார்கள்.

எனவே ஆணியின் தடிமனையும் எங்கே வைத்து அளந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மையத்துக்கு மையம் அளந்திருந்தால் ஒரு ஆணித் தடிமனைக் கூட்டினால் மாட்டிய நீளம் வரும். அதிலிருந்து எவ்வளவு நீண்டு நிற்க வேண்டுமோ அதைக் கழித்தால் ஃப்ரீ நீளம். பிறகு மேலே ஒரு கேள்வியில் திருப்பிப் போட்ட ஃபார்முலாவில் அதை வைத்துச் சுற்றை எடுத்துக்கொள்ளலாம்.